தேய்ப்பு வண்டியின் விலையே அளவுகோல்: சலவைக்கடையில் மூன்று அடுக்கு விலை

கேள்வி: ஈரோட்டில் பெருந்துறை சாலைப் பக்கம் சலவைக்கடை வைத்திருக்கிறேன். துவைத்து, தேய்த்து, இரண்டு நாளில் கொடுக்கக் கிலோவுக்கு 100 ரூபாய்; தினமும் 60 கிலோ வருகிறது. சோப்பு, தண்ணீர், கரண்ட், கவர் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 24 ரூபாய் ஆகிறது. தேய்ப்பவருக்குத் துணிக்கு 6 ரூபாய், கிலோவுக்குச் சராசரி 4 துணி. தெருவில் தேய்ப்பு வண்டிக்காரர் துணிக்கு 10 ரூபாய் வாங்குகிறார். இப்போது சாதா 60, ஸ்பெஷல் 100, டீலக்ஸ் 160 என்று மூன்று விலை போடலாம் என்று இருக்கிறேன். பழைய ஆட்கள் எல்லாம் சாதாவுக்கு இறங்கிவிட்டால் என்ன செய்வது? மேலே ஏற வைப்பது எப்படி?

பதில்:

மூன்று அடுக்கு வைப்பது உங்கள் கடைக்குப் பொருந்தும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விலைகளில் 100 ஒன்றுதான் சரியான இடத்தில் இருக்கிறது. சாதாவின் 60 மிகக் குறைவு. டீலக்ஸின் 160 அதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அந்த விலையில் மேலே ஏறுகிற ஒவ்வொரு வாடிக்கையாளரும் உங்கள் வருமானத்தைக் குறைத்துவிட்டுத்தான் ஏறுவார். கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் வேலையில் பல சலவைக்கடைகளின் பில் புத்தகத்தைப் புரட்டியவன் என்ற முறையில், உங்கள் எண்களையே வைத்து இதை விளக்குகிறேன்.

முதலில், விலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். மிச்சம் என்று நான் சொல்வது, வாங்கும் விலையிலிருந்து அந்தத் துணிக்கென்றே ஆகும் செலவைக் கழித்தபின் கையில் நிற்பது. வாடகை, மாதச் சம்பளம், இயந்திரக் கடன் தவணை ஆகியவை எத்தனை கிலோ வந்தாலும் மாறாதவை என்பதால் அவற்றை இங்கே சேர்க்க வேண்டாம். இன்றைக்கு ஒரு கிலோவுக்கு 100 வாங்குகிறீர்கள். துவைப்புக்கு 24, தேய்ப்புக்கு 24 போக 52 நிற்கிறது. நாளொன்றுக்கு 60 கிலோவுக்கு 3,120 ரூபாய். புதிய அடுக்குகள் இந்த 3,120 ரூபாயைக் கூட்டுகின்றனவா, குறைக்கின்றனவா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

சாதாவில் தேய்ப்பு இல்லை. துவைத்து மடித்துக் கொடுக்கிறீர்கள். ஆகவே செலவு 24 மட்டும். விலை 70 என்றால் மிச்சம் 46. அதாவது 100 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தவர் 70 ரூபாய்க்கு இறங்கும்போது உங்கள் கண்ணுக்கு 30 ரூபாய் போனதாகத் தெரியும். ஆனால் உண்மையில் போவது 52-க்கும் 46-க்கும் உள்ள 6 ரூபாய்தான். விலையை 60 என்று வைத்தால் மிச்சம் 36. இறங்குகிற ஒவ்வொரு கிலோவிலும் 16 ரூபாய் போகிறது. பத்து ரூபாய் வித்தியாசம்தானே என்று தோன்றும். பழைய 60 கிலோவில் 20 கிலோ கீழே இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 70 ரூபாய் விலையில் நாளுக்கு 120 ரூபாய் குறையும். அதை ஈடுகட்டப் புதிதாக 3 கிலோ வந்தால் போதும். 60 ரூபாய் விலையில் 320 ரூபாய் குறையும். ஈடுகட்ட 9 கிலோ புதிதாக வர வேண்டும். உங்கள் பயத்துக்கான விடை இந்த இடத்திலேயே பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது: பழைய ஆட்கள் இறங்கினால் கடை விழுந்துவிடாது, இறங்குகிற படியை அளவாக அமைத்திருந்தால்.

60 கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. என் பார்வையில் அதுவே பெரிய காரணம். சாதாவுக்கும் ஸ்பெஷலுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை வாடிக்கையாளர் எதோடு ஒப்பிடுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் இன்னொரு சலவைக்கடை இருந்தாலும் அதனோடு அவர் ஒப்பிடுவதில்லை. வேப்பமரத்தடியில் நிற்கும் தேய்ப்பு வண்டியோடுதான் ஒப்பிடுகிறார். சாதாவில் துவைத்து வாங்கி, வண்டிக்காரரிடம் கொடுத்துத் தேய்த்துக்கொள்ளலாம் என்ற வழி அவருக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது. சாதா 60, ஸ்பெஷல் 100 என்றால் இடைவெளி 40. கிலோவுக்கு நான்கு துணி என்பதால் துணிக்கு 10 ரூபாய். அதாவது வண்டிக்காரர் வாங்கும் அதே விலை. மேலே ஏறுவதற்கு அவருக்குக் காரணமே இல்லை. நெடுநாள் பழகிய வண்டிக்காரரை விட்டுவிட்டு உங்களிடம் ஏன் வர வேண்டும்? சாதா 70 என்றால் இடைவெளி 30, துணிக்கு ஏழரை ரூபாய். வண்டியைவிட மலிவு, இன்னொரு முறை மூட்டை தூக்கும் அலைச்சலும் இல்லை. அவர் தானாகவே ஸ்பெஷலில் நிற்பார்.

ஆக, இந்த இரண்டு அடுக்குகளுக்கும் இடையே உள்ள இடைவெளிக்குக் கீழ் எல்லை உங்கள் தேய்ப்புக் கூலியான 6 ரூபாய். மேல் எல்லை தெரு விலையான 10 ரூபாய். ஏழு, ஏழரை, எட்டு என்று இந்த எல்லைக்குள் எங்கே நின்றாலும் சரி. தெரு விலை 12 ஆக உயர்ந்தால் ஸ்பெஷலை 105, 110 என்று உயர்த்த உங்களுக்கு இடம் கிடைக்கும், உயராதவரை உயர்த்தாதீர்கள். மறுபக்கம், சாதாவை 75, 80 என்று ஏற்றினால் ஒருவரும் இறங்கமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் பெருந்துறை சாலையில் விடுதிகளில் தங்கிப் படிக்கிறவர்களும், மருத்துவமனைகளில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறவர்களும் இன்றைக்கு வாளியில் தாங்களே துவைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் கடைக்குள் கொண்டுவரத்தான் சாதா என்ற அடுக்கே தேவைப்படுகிறது. அவர்கள் வராத சாதாவால் பயனில்லை.

அடுத்து வேலி. தாராபுரம், காங்கயம் பக்கம் கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி போட்டிருப்பார்கள். மாடு இந்தப் பட்டியிலிருந்து அந்தப் பட்டிக்குத் தாண்டாமல் இருக்க. அடுக்கு விலையிலும் அப்படி ஒரு வேலி வேண்டும்: ஸ்பெஷல் தேவைப்படுகிறவர் சாதாவில் திருப்தியடைந்துவிடாதபடி சாதாவில் ஏதோ ஒன்று இல்லாமல் இருக்க வேண்டும். சலவையில் அந்த ஏதோ ஒன்று இரண்டாக மட்டுமே இருக்கலாம்: நேரம், தேய்ப்பு. சாதா மூன்று நாள், மடிப்பு மட்டும். ஸ்பெஷல் இரண்டு நாள், தேய்ப்புடன். சுத்தத்தை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் வேலியாக வைக்காதீர்கள். நான் கணக்குப் பார்த்த ஒரு கடையில், சாதாவுக்குப் பலருடைய துணியையும் ஒன்றாகப் போட்டுத் துவைப்பது, மேல் அடுக்குகளுக்குத் தனித்தனியாகத் துவைப்பது என்று வைத்தார்கள். சோப்புச் செலவும் கரண்டும் குறைந்தது உண்மைதான். ஆனால் அடுத்தவர் துணியோடு தங்கள் துணி நனைகிறது என்று தெரிந்ததும் சாதாவில் இருந்தவர்கள் ஸ்பெஷலுக்கு ஏறவில்லை. கடையை விட்டே போனார்கள். ஸ்பெஷலில் இருந்த சிலரும் சந்தேகப்பட்டுக் கிளம்பினார்கள். எல்லா அடுக்கிலும் ஒவ்வொருவர் மூட்டையும் தனியாகத்தான் இயந்திரத்துக்குள் போகிறது என்று பலகையில் எழுதிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவைச் சமாளிக்கச் சாதாவுக்குக் குறைந்தபட்சம் 5 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

வேலி ஓட்டையாவது பெரும்பாலும் கவுண்டரில்தான். "ஏனுங்கண்ணா, சாதாவுலயே போட்டுக்கங்க, இந்த ரெண்டு சட்டைய மட்டும் தேச்சுக் குடுத்துருங்க" என்று தெரிந்தவர் ஒருவர் கேட்பார். முகத்துக்காக "சரிங்க" என்று சொல்லிவிட்டால், அடுத்த வாரம் அது நான்கு சட்டையாகும். மூன்றாவது வாரம் அவருடைய அறைத் தோழரும் அதையே கேட்பார். மறுத்து அனுப்புவதும் நம் ஊரில் நடக்காத காரியம். இதற்கு வழி, தனித்தேய்ப்புக்கு ஒரு விலையை எழுதி வைத்துவிடுவது: சாதாவில் எந்தத் துணியைத் தேய்க்கச் சொன்னாலும் துணிக்கு 12 ரூபாய். இது தெரு விலையைவிட வேண்டுமென்றே கொஞ்சம் அதிகம். 5 கிலோ மூட்டைக்குச் சாதா 350, ஸ்பெஷல் 500, வித்தியாசம் 150. பன்னிரண்டு ரூபாய் வீதம் பன்னிரண்டு துணி வரைக்கும் சாதாவே மலிவு. பதின்மூன்றாவது துணியில் ஸ்பெஷல் மலிவாகிவிடுகிறது. நீங்கள் எதையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கையாளரே மனக்கணக்குப் போட்டு "அப்ப ஸ்பெஷல்லயே போட்ருங்க" என்பார். நடுவில் நின்றுவிட்டாலும் உங்களுக்கு நட்டமில்லை: சாதாவோடு பத்துத் துணித் தேய்ப்பு சேர்த்து 470 ரூபாய் கொடுப்பவரிடம் 290 ரூபாய் மிச்சம், முழு ஸ்பெஷல் மூட்டையில் 260 தான். ஆகையால் சாதாவிலிருந்து ஏற மறுப்பவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இலவசமாகத் தேய்த்துக் கொடுப்பதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இதே 12 ரூபாய் ஸ்பெஷலிலும் உங்களைக் காப்பாற்றும். கிலோக் கணக்கில் தேய்ப்பு எடுப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. தேய்ப்பவருக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. எத்தனை துணி என்பதுதான் அவருடைய வேலை. ஜீன்ஸ் கிலோவுக்கு ஒன்றரை, இரண்டுதான் நிற்கும். மெல்லிய பருத்திச் சட்டை ஐந்து வரை வரும். அடுக்குகள் வந்தவுடன் வாடிக்கையாளர் புத்திசாலித்தனமாகப் பிரிக்கத் தொடங்குவார்: ஜீன்ஸ், துண்டு, போர்வை எல்லாம் சாதாவுக்கு, சட்டைகள் மட்டும் ஸ்பெஷலுக்கு. அவர் செய்வதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் இதுவரை ஜீன்ஸும் சட்டையும் கலந்து நான்கு என்று இருந்த உங்கள் சராசரி, ஸ்பெஷலில் ஐந்தாக ஏறிவிடும். கிலோவுக்கு 52 என்றிருந்த மிச்சம் 46 ஆகக் குறையும், மேசை நேரமும் கால் பங்கு கூடும். எனவே ஸ்பெஷல் கிலோ ஒன்றுக்கு நான்கு துணி வரை தேய்ப்பு, அதற்கு மேல் துணிக்கு 12 என்று முதல் நாளிலிருந்தே பில்லில் அச்சிட்டுவிடுங்கள். பிறகு சேர்த்தால் சண்டை வரும்.

இந்தப் பிரிக்கும் பழக்கத்தை ஒரு பிரச்சினையாக மட்டும் பார்த்துவிடக் கூடாது. வாடிக்கையாளர் எப்படி மேலே ஏறுகிறார் என்பதற்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. சலவையில் அடுக்கு ஆளுக்கு உரியதன்று, துணிக்கு உரியது. "இவர் சாதா ஆள், இவர் டீலக்ஸ் ஆள்" என்று எவரும் இல்லை. ஒரே வீட்டின் தரை விரிப்பும் துண்டும் சாதாவிலும், அலுவலகச் சட்டை ஸ்பெஷலிலும், முகூர்த்தத்துக்குக் கட்டும் வேட்டி டீலக்ஸிலும் வரும். ஆகவே ஏற்றம் என்பது மொத்த மூட்டையும் ஒரே நாளில் மேலே போவதாக இராது. சாதாவில் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் ஒரு வெள்ளைச் சட்டையைத் தனியாக எடுத்து நீட்டும் நாளில்தான் அது தொடங்குகிறது. ஒரு பில்லில் ஒரு அடுக்குத்தான் என்று விதி போட்டீர்களானால் அந்த முதல் சட்டை வெளியே வராது. ஒரே பில்லில் மூன்று அடுக்கும் போடலாம் என்று இருக்கட்டும்.

இனி டீலக்ஸ். கறை பார்த்து எடுப்பது, வெள்ளையைத் தனியே வெந்நீரில் போடுவது, கஞ்சி, பொறுமையான தேய்ப்பு, ஹேங்கர், கவர், மறுநாளே கொடுப்பது என்று நீங்கள் கொடுக்க நினைப்பதை எல்லாம் ஒரு துணிக்குக் கூட்டிப் பாருங்கள். குறைந்த சுமையில் ஓட்டும் துவைப்புக்கு 10, இரட்டிப்பு நேரம் எடுக்கும் தேய்ப்புக்கு 12, கறைக்கும் கஞ்சிக்கும் 4, ஹேங்கருக்கும் கவருக்கும் 9. மொத்தம் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடையில் இந்த எண் ஓரிரண்டு ரூபாய் மாறலாம். கிலோ 160 என்றால் துணிக்கு 40 ரூபாய், மிச்சம் 5. கிலோவுக்கு 20. ஸ்பெஷலில் 52 மிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தவர் டீலக்ஸுக்கு ஏறினால் உங்களுக்கு 32 ரூபாய் குறைகிறது. பில்லில் தொகை பெரிதாகத் தெரிவதால் இந்த இழப்பைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும். டீலக்ஸ் நன்றாக ஓடுகிறது என்று மகிழ்ந்துகொண்டே இருப்பீர்கள்.

டீலக்ஸைக் கிலோவில் போடாதீர்கள், துணிக்கணக்கில் போடுங்கள். விலை எவ்வளவு? 60 ரூபாய் சொல்லிப் பார்க்கலாம். மிச்சம் 25, ஸ்பெஷலில் துணிக்கு 13 தான் என்பதால் இது இரட்டிப்பு என்று தோன்றும். இங்கேதான் தேய்ப்பு மேசையை நினைக்க வேண்டும். உங்கள் கடையில் துவைக்கும் இயந்திரத்துக்கு ஓய்வு கிடைக்கும், தேய்ப்பவருக்குக் கிடைக்காது. ஸ்பெஷல் துணிக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு மணிக்கு இருபது துணி, மிச்சம் 260 ரூபாய். டீலக்ஸ் துணிக்கு ஆறு நிமிடம் என்றால் ஒரு மணிக்குப் பத்துத் துணி. 25 வீதம் 250 ரூபாய். மேசை நிரம்பியிருக்கும் நாளில், 60 ரூபாய் டீலக்ஸ் ஸ்பெஷலைவிடக் குறைவாகத்தான் சம்பாதிக்கிறது. 70 ரூபாய் என்றால் மணிக்கு 350. அதுதான் டீலக்ஸுக்குத் தொடக்க விலை. மேலே எவ்வளவு போகலாம் என்பதை உங்கள் பகுதியில் ட்ரை கிளீனிங் கடையில் ஒரு சட்டைக்கு வாங்கும் விலை முடிவு செய்யும். ஸ்பெஷலுக்குத் தேய்ப்பு வண்டி எப்படியோ, டீலக்ஸுக்கு அது அப்படி.

எழுபது ரூபாய் கொடுத்து ஒரு சட்டையைத் துவைப்பார்களா என்று கேட்பீர்கள். எல்லோரும் எல்லாச் சட்டைக்கும் கொடுக்கமாட்டார்கள். ஆனால் ஈரோட்டில் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் அன்றாட உடையாக உள்ளவர்கள் அதிகம்; வெள்ளை மங்குவதை அவர்கள் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். மங்குவதற்குப் பெரும்பாலும் தண்ணீரே காரணம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் வேலையைக் குறைத்து, நூலிடுக்கில் படிந்து, சில மாதங்களில் சட்டையைச் சாம்பல் பூத்ததுபோல் ஆக்கிவிடும். டீலக்ஸ் வெள்ளைக்கு மட்டுமாவது ஆற்றுத் தண்ணீரோ, உப்பு நீக்கிய தண்ணீரோ பயன்படுத்தினால், பத்துச் சலவைக்குப் பிறகு இரண்டு சட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் 70 ரூபாய்க்கு விற்பது அந்த வித்தியாசத்தைத்தான். வெறும் ஹேங்கரும் பளபளப்பான கவரும் கொடுத்து 70 கேட்டால் இரண்டாவது முறை வரமாட்டார்கள்.

மஞ்சள் கறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மஞ்சள் மண்டி இருக்கும் ஊரில் அது உங்கள் மேசைக்கு வந்தே தீரும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் காரத்தில் சிவக்கும். சோப்புத்தூள் காரம் என்பதால், மஞ்சள் பட்ட சட்டையை நேராகத் துவைத்தால் செம்பழுப்புத் திட்டாக மாறி வாடிக்கையாளரை அலற வைக்கும். அந்தச் சிவப்பு நிலையானதன்று. நன்றாக அலசி வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும், ஏனெனில் அந்த நிறமி வெளிச்சத்தில் சிதைந்துவிடும். ஆனால் அதற்கு வெயிலும் நேரமும் வேண்டும். மறுநாளே கொடுப்பேன் என்ற டீலக்ஸ் வாக்குறுதியோடு அது ஒத்துப்போகாது. ஆகவே கறை உள்ள துணிக்கு மட்டும் "கூடுதலாக ஒரு நாள்" என்று வாங்கும்போதே சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். முழுவதும் போகும் என்று எந்த அடுக்கிலும் உறுதி கொடுக்காதீர்கள். பவானி ஜமக்காளம், கனமான போர்வை போன்றவற்றை மூன்று அடுக்குக்கும் வெளியே வைத்துத் தனிவிலை போடுங்கள். நனைந்தால் அவை இயந்திரத்தையே நிறைத்துவிடும்.

மூன்று விலையைப் பலகையில் எழுதிவிட்டாலே நடு அடுக்குக்குச் சாய்வார்கள் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அதில் உண்மை உண்டு. 1992-இல் இடாமர் சைமன்சன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் வெளியிட்ட ஆய்வில், சுமார் 170 டாலர், 240 டாலர் விலையுள்ள இரண்டு மினோல்டா கேமராக்களை மட்டும் காட்டியபோது பாதிப் பேர் ஒன்றையும் பாதிப் பேர் மற்றதையும் தேர்ந்தார்கள். 470 டாலர் கேமரா ஒன்றையும் சேர்த்துக் காட்டியபோது நடுவில் இருந்ததை 57 விழுக்காட்டினர் தேர்ந்தார்கள். ஆனால் கேமரா எப்போதோ ஒரு முறை வாங்குவது. சலவை வாராவாரம் வருவது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாதபோதுதான் மனிதர் நடுவைப் பிடித்துக்கொள்கிறார். முதல் இரண்டு முறை அந்தச் சாய்வு உங்களுக்கு உதவும். மூன்றாவது முறை வரும்போது உங்கள் தேய்ப்பு எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும், அதன்பின் பலகைக்கு அந்தச் சக்தி இல்லை. எனவே விற்கவே நினைக்காத ஒரு டீலக்ஸைப் பார்வைக்காக மட்டும் மேலே தொங்கவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இப்போது முழுக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்ப்போம். சாதா 70, ஸ்பெஷல் 100, டீலக்ஸ் துணிக்கு 70. பழைய 60 கிலோவில் 20 கிலோ சாதாவுக்கு இறங்குகிறது. 4 கிலோ, அதாவது 16 துணி, டீலக்ஸுக்கு ஏறுகிறது. 36 கிலோ இருக்கும் இடத்திலேயே நிற்கிறது. புதிதாகச் சாதாவுக்கு 15 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கியவர்களால் 120 ரூபாய் குறைகிறது. ஏறியவர்களால், 16 துணிக்கு 560 மிச்சம் வந்து, அவர்கள் ஸ்பெஷலில் கொடுத்துக்கொண்டிருந்த 208 போக, 352 கூடுகிறது. புதியவர்களால் 690 கூடுகிறது. நாள் மிச்சம் 3,120-இலிருந்து 4,042 ஆகிறது. தேய்ப்பு மேசையோ முன்பு 240 துணிக்குப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்தது. இப்போது ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எல்லோரும் மேலே ஏறுவதைப் பற்றிக் கேட்கிறீர்கள்; ஆனால் கூடியதில் பெரும்பங்கு கீழே புதிதாக வந்தவர்களால் வந்தது, அடுத்து மேசையில் காலியான மூன்று மணி நேரத்தால் வரப்போவது. அந்த மூன்று மணியில் முப்பது டீலக்ஸ் துணி தேய்க்கலாம். அவ்வளவையும் ஒப்புக்கொள்ளாமல் நாளொன்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் டீலக்ஸ் வாங்குவதில்லை என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் தருகிறேன் என்று 70 வாங்கிவிட்டு மூன்றாம் நாள் கொடுத்தால், அவர் ஸ்பெஷலுக்கு இறங்கமாட்டார், வேறு கடைக்குப் போவார்.

இதெல்லாம் நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாதக் கடைசியில் எந்த அடுக்கில் எத்தனை கிலோ என்று கூட்டிப் பார்ப்பது பெரும்பாலும் ஏமாற்றும். சாதாவில் இருந்த பத்துப் பேர் கடையை விட்டுப் போய்விட்டால்கூட ஸ்பெஷலின் பங்கு கூடினதாகத்தான் காட்டும். ஒவ்வொரு பில்லிலும் அந்த வாடிக்கையாளர் போன முறை எந்த அடுக்குகளில் கொடுத்தார் என்பதையும் இந்த முறை எதில் கொடுக்கிறார் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தொலைபேசி எண்ணை வைத்துப் பில் போடும் எந்த மென்பொருளிலும் இதைப் பார்க்க முடியும். நோட்டுப் புத்தகமும் போதும். மாதம் முடிந்ததும் ஏறியவர், இறங்கியவர், புதியவர், வராமல் நின்றவர் என்று நான்கு எண்கள் கிடைக்கும். சாதாவில் பாதிக்கு மேல் உங்கள் பழைய ஸ்பெஷல் ஆட்களே என்றால் வேலி தாழ்வு. மூன்று நாளை நான்கு நாளாக்குங்கள், விலையைத் தொட வேண்டாம். சாதாவில் புதியவர்களே வரவில்லை என்றால் 70 என்பது அவர்களுக்கு எட்டவில்லை அல்லது அப்படி ஒரு விலை இருப்பதே தெரியவில்லை. முதலில் விடுதி வாசல்களில் தெரியப்படுத்திப் பாருங்கள். டீலக்ஸுக்கு ஒருமுறை வந்தவர் மறுமுறை அதே துணியை ஸ்பெஷலில் கொடுத்தால், அவரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். காரணம் பெரும்பாலும் விலையாக இராது, காலரோ தாமதமோ ஆக இருக்கும்.

ஏறுவதற்கு ஒரு பருவமும் உண்டு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரத்தில் வேட்டியும் பட்டுச் சட்டையும் டீலக்ஸுக்கு வரும். ஆடியில் திருமணம் இல்லாததால் அந்த அடுக்கு வற்றும். அதைப் பார்த்துப் பயந்து விலையைக் குறைத்துவிடாதீர்கள், ஆவணியில் திரும்ப ஏற்ற முடியாமல் போகும்.

ஐப்பசி மழையில் நிலைமை தலைகீழாகும். வீட்டில் துணி காயாததால் சாதாவுக்குப் புதியவர்கள் குவிவார்கள். ஆனால் அப்போது நெருக்கடி தேய்ப்பு மேசையில் இராது, உலர்த்தும் இயந்திரத்தில் இருக்கும். சாதா கிலோவும் ஸ்பெஷல் கிலோவும் அதில் ஒரே அளவு இடத்தைத்தான் பிடிக்கின்றன. ஒன்று 46 கொடுக்கிறது, மற்றது 52. இயந்திரம் நிரம்பியபின் உள்ளே வரும் ஒவ்வொரு சாதா கிலோவும் ஒரு ஸ்பெஷல் கிலோவைத் தாமதப்படுத்தித்தான் நுழைகிறது. அந்த வாரங்களில் மட்டும் பலகையில் சாதாவுக்கு நேரே "மழைக்காலம்: ஐந்து நாள்" என்று எழுதிவிடுங்கள். அவசரமில்லாதவர் காத்திருப்பார், காத்திருக்க முடியாதவர் அன்றைக்கே ஸ்பெஷலில் கொடுத்துவிட்டுப் போவார். மழை விட்டு வெயில் வந்ததும் மறக்காமல் அதை அழித்து மூன்று நாளாக்குங்கள்.